பத்துக் கிழமைக்கு ஒரு வீடு

தெல்லிப்பளைப் பக்கம் வீடு கேட்டு ரெலிபோன் எடுத்தால், வாடகைப் பேச்சு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை?" புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வந்த குடும்பம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. "ரெண்டு மூண்டு மாசம் வரும் போல கிடக்கு அன்ரி. டொக்டர் ஒண்டும் திட்டமாச் சொல்லேல்லை." மறுமுனையில் பேச்சு குறைந்துவிடும். "மகன் வெளியில இருந்து வாறன் எண்டு சொன்னவன். கேட்டுப்போட்டுச் சொல்லுறன்." பிறகு அங்கிருந்து அழைப்பு வராது.

அந்த அன்ரியை இரக்கமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. வாடகைக்கு வந்தவர் எழும்பமாட்டேன் என்று நின்றால் வழக்குப் போட்டு எழுப்புவது எவ்வளவு பாடு என்பது ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சுகிற வீட்டுக்காரர் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் பலர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கிறார்கள்; தெரிந்தவர் மூலம் வந்தால்தான் கதவைத் திறக்கிறார்கள். முடிவுத் திகதி இல்லாத வேண்டுகோள் அவர்களுக்கு அச்சத்தைத்தான் தரும்.

ஆனால் அந்தத் திகதியைச் சொல்ல முடியும். புற்றுநோய்ச் சிகிச்சையில் பல விசயங்கள் நிச்சயமற்றவைதான். கதிர்ச்சிகிச்சை, அதாவது எல்லாரும் சொல்கிற றேடியேசன், அப்படியில்லை. எத்தனை தரம் கொடுப்பது என்பது தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாகி, நோயாளியின் கோப்பில் எழுதப்பட்டுவிடும். அந்த எண்ணையும் ஒரு கலண்டரையும் வைத்துக்கொண்டு, வீடு எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை தேவை என்று குடும்பமே கணக்குப் பார்க்கலாம். இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்காததால் எத்தனையோ பேர் வீடில்லாமல் அலைகிறார்கள். வேறு சிலர் வீடு எடுத்தும், அது மிகவும் தேவைப்படுகிற நாளில் அதைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள்.

தெல்லிப்பளை ஏன் இவ்வளவு பேரை இழுக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 ஜூலையில் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் ஒரு நடைபயணம் நடந்தது. கலர்ஸ் ஒப் கறேஜ் என்ற அறக்கட்டளை ஒழுங்குசெய்த 'ட்ரெயில்' நடை அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஆயிரக்கணக்கானோர் நடந்தும் பணம் கொடுத்தும் சேர்த்த நிதியில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை வளவில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. அதுவரை மகரகமைக்கு ஓடிய வடபகுதி நோயாளிகளில் பெரும் பங்கினர் இப்போது இங்கே வருகிறார்கள். முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, கிளிநொச்சி என்று நாலு திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். வைத்தியம் இலவசம். தங்குவதற்கு இடம் பார்ப்பது அவரவர் பாடு.

வாட்டில் நிற்க முடியாதா என்று கேட்பார்கள். றேடியேசன் மேசையில் நோயாளி படுத்திருப்பது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் அவர் நடமாடக்கூடிய மனிதர். உள்ள கட்டில்கள் காய்ச்சல், குருதிப்போக்கு, விழுங்க முடியாமை என்று இயலாமல் கிடப்பவர்களுக்கே போதாது. ஆகவே நல்ல நிலையில் உள்ளவரை 'வீட்டிலிருந்து வந்து போங்கோ' என்றுதான் சொல்வார்கள். வீடு எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

நெடுந்தீவுக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதுவும் யாழ்ப்பாண மாவட்டந்தான். வரைபடத்தில் பார்த்தால் தெல்லிப்பளை தூரமாகத் தெரியாது. ஆனால் காலையில் படகு பிடித்து, ஒரு மணித்தியாலம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு வேலணை வழியாகப் பஸ்ஸில் யாழ்ப்பாணப் பட்டினம் போய், அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பஸ்ஸில் பதினைந்து கிலோமீற்றர் வடக்கே போகவேண்டும். மாரிக் காற்றடித்தால் படகு ஓடாது. கிழமையில் ஐந்து நாள் இப்படி வந்து போக ஆரோக்கியமானவராலும் ஏலாது.

தகப்பனுக்கு வாய்ப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் அதற்கு முதற் காரணம். கன்னத்தில் வந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. இனி 33 தரம் றேடியேசன், அதோடு கிழமைக்கு ஒரு தரம் சிஸ்பிளாற்றின் என்ற கீமோ மருந்து. இத்தகைய நோய்க்கு உலகெங்கும் வழக்கமான ஒழுங்கு இது. கூட நிற்கப்போவது மனைவியும் மூத்த மகளும்.

கணக்கைத் தொடங்குவதற்கு முன் ஒன்று. சத்திரசிகிச்சை முடிந்து வந்த அடுத்த நாளே வீடு தேடி எடுத்துவிடக் கூடாது. றேடியேசனுக்கு முன்னால் பல் வைத்தியரிடம் காட்டிக் கெட்ட பற்களைக் களையவேண்டும். தலை அசையாமல் பிடிப்பதற்காக முகத்தின் அளவுக்கு ஒரு வலைமுகமூடி செய்வார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கான் எடுப்பார்கள். பிறகு எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் என்று திட்டமிடுவார்கள். அதற்குச் சில நாட்களும் ஆகலாம், இரண்டு கிழமையும் ஆகலாம். இந்த இடைவெளியில் இரண்டொரு தரம் வந்து போனாற் போதும். உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் சமாளிக்கலாம். சில குடும்பங்கள் முதல் கிளினிக் நாளிலேயே வீடெடுத்து, ஒன்றும் நடக்காத ஒரு மாதத்துக்கு வாடகை கட்டி, கடைசி மாதத்துக்குக் காசில்லாமல் நிற்கின்றன.

முகமூடி செய்கிற அன்றே றேடியேசன் பிரிவில் நாலு விசயம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். மொத்தம் எத்தனை தரம்? எப்போது தொடங்கலாம் என்று எதிர்பார்க்கிறார்கள்? கீமோ எந்தக் கிழமை நாளில்? பொது விடுமுறை நாட்களில் இயந்திரம் ஓடுமா? இந்த நாலாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நாட்கணக்கைப் புரட்டிப் போடுவது அதுதான்.

2025இன் கலண்டரை எடுத்து, ஜனவரி 6ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்கியதாக வைத்துப் பார்ப்போம். கிழமைக்கு ஐந்து தரம் என்றால் 33 தரம் ஆறு கிழமையும் மூன்று நாளும். பெப்ரவரி 19 புதன்கிழமை முடியவேண்டும். ஆனால் ஜனவரி 13 துருத்துப் போயா, அடுத்த நாள் தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், 12 நவம் போயா. இந்த நாலு நாளும் இயந்திரம் ஓடாவிட்டால் முடிவு பெப்ரவரி 25 செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போகும். இடையில் இயந்திரம் பழுதாகி இரண்டு நாள் நின்றால்? 26ஆம் திகதி மகா சிவராத்திரி. அந்த இரண்டு நாளும் 27, 28க்குப் போகும். ஒருவரும் தவறு செய்யாமலே ஒன்பது நாள் கூடிவிட்டது.

தவறிய நாளை விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. விடக் கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை நீண்டுபோகும் ஒவ்வொரு நாளும் நோய் அந்த இடத்தில் அடங்குகிற வாய்ப்பை நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட கணக்கு. அதனால் சில வேளை வைத்தியர் ஒரே நாளில் ஆறு மணித்தியால இடைவெளி விட்டு இரண்டு தரம் கொடுத்தோ, சனிக்கிழமை கூப்பிட்டோ நாளைச் சரிக்கட்டுவார். சனிக்கிழமை வரச் சொன்னால் வந்துவிடக்கூடிய தூரத்தில் குடும்பம் இருப்பது அதற்கும் உதவும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்க் கடல் கொந்தளித்துத் திங்கட்கிழமை வரமுடியாமற் போனால், இழப்பு அந்த ஒரு நாளோடு நிற்காது.

பெப்ரவரி 28 றேடியேசன் முடிந்தது. அன்று பின்னேரமே சாமான் கட்டிக்கொண்டு படகேறலாமா? பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. என் பார்வையில் இந்த விசயம் முழுவதிலும் நடக்கிற மிகப் பெரிய பிழை இது. கதிர் பட்ட வாயும் தொண்டையும் கடைசி நாளில் ஆறத் தொடங்குவதில்லை. சிகிச்சை தொடங்கி முதல் இரண்டு கிழமை ஆள் ஓரளவு நன்றாகவே இருப்பார், சோறும் சாப்பிடுவார். மூன்றாம் கிழமையளவில் வாய் புண்ணாகும், உமிழ்நீர் பசையாகும், ருசி போகும். ஐந்தாம் ஆறாம் கிழமை கஞ்சி இறங்குவதே கடினம். கழுத்துத் தோல் கறுத்து உரியும். இந்தப் புண்கள் உச்சத்துக்கு வருவது கடைசி றேடியேசனுக்குப் பிறகு வருகிற ஒன்று, இரண்டு கிழமைகளில். சிலருக்கு அப்போதுதான் மூக்கால் குழாய் விட்டு உணவு கொடுக்க வேண்டிவரும். அந்த நாட்களில் நெடுந்தீவில் இருப்பதும் தெல்லிப்பளைச் சந்தியில் இருப்பதும் ஒன்றாகாது.

ஆகவே வீடு தேவைப்படுவது ஜனவரி 4ஆம் திகதி சனிக்கிழமையிலிருந்து மார்ச் 15ஆம் திகதி சனிக்கிழமைவரை. சரியாகப் பத்துக் கிழமை. 'ரெண்டு மூண்டு மாசம்' என்பதை விட இது வீட்டுக்காரருக்கு எவ்வளவோ தெளிவானது. குடும்பத்துக்கும் அப்படித்தான்.

எந்த நோய்க்கும் இதே பத்துக் கிழமை என்று எண்ணிவிடாதீர்கள். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் பல இடங்களில் 15 தரந்தான். மூன்று கிழமையோடு முடிந்துவிடும். புண்ணும் அவ்வளவு கடுமையாக வராது. ஐந்து கிழமை வீடெடுத்தாற் போதும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர் ஐந்து கிழமை, அதன்மேல் உள்ளே வைத்துக் கொடுக்கிற கதிர் சில தரம். மொத்தம் எட்டுக் கிழமைக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். கீமோ மட்டும் மூன்று கிழமைக்கு ஒரு தரம் எடுப்பவருக்கு வீடே தேவையில்லை. ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று இரவு தங்க ஓர் அறை கிடைத்தால் போதும்.

இனி எப்படிப்பட்ட வீடு என்று பார்ப்போம். தெல்லிப்பளையில் கொழும்பு மாதிரி மாடிக் குடியிருப்புகள் கிடையாது. கிடைப்பவை பெரிய வீடொன்றின் பக்கத்து அனெக்ஸ், மேல்மாடி, அல்லது வெளிநாட்டில் இருப்பவர்கள் உறவினர் பொறுப்பில் விட்டுப்போன முழு வீடு. முழு வீடு கிடைத்தால் நல்லதென்று தோன்றும். ஆனால் வருடக் கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீர்க் குழாய், மோட்டர், கழிப்பறை ஒன்றும் ஒழுங்காக இராது. கனடாவிலுள்ள உரிமையாளர் சம்மதித்தும் சாவி வைத்திருக்கிற சின்னம்மா சம்மதிக்காத கதைகளும் உண்டு. ஆட்கள் புழங்குகிற வளவில் ஓர் அனெக்ஸ் கிடைப்பதே பல வேளை மேல். மேல்மாடி என்றால் யோசிக்கவேண்டும். ஜனவரியில் படியேறியவர் பெப்ரவரிக் கடைசியில் ஏறமாட்டார். வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றைய நோயாளியை நினைத்துப் பார்க்கிறார்கள். ஏழாம் கிழமையில் அவர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

தூரமும் அப்படித்தான். வைத்தியசாலைக்கு முன்னால் வீடு கிடைக்காவிட்டால் மல்லாகம், அளவெட்டி, ஏழாலை, சுன்னாகம் ஒன்றும் மோசமில்லை. ஓட்டோவில் கால் மணித்தியாலத்துக்குள் வரலாம். காலை போய் வர எப்படியும் ஒரு வழி இருக்கும். இரவு ஒரு மணிக்கு வழியுண்டா என்பதுதான் கேள்வி. கீமோ எடுப்பவருக்கு 100.4 பாகை பரனைற், அதாவது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று பார்த்திருக்க முடியாது. வெண்குருதிக் கலங்கள் குறைந்த நேரத்தில் வருகிற காய்ச்சல் சில மணித்தியாலத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வீட்டுக்கு வந்த முதல் நாளே வெப்பமானி ஒன்றும், இரவில் கூப்பிட்டால் வருவேன் என்று சொன்ன ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் சுவரில் இருக்கவேண்டும்.

வீட்டுக்குள் பார்க்கவேண்டியவற்றில் முதலாவது கழிப்பறை. அது தனியாக, உள்ளேயே, கொமட் உள்ளதாக இருப்பது நல்லது. மெலிந்து தளர்ந்த ஆளால் குந்தி எழும்ப முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. அதை வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். கீமோ மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாளளவில் அதன் மிச்சம் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அந்த நாட்களில் மூடியை மூடிவிட்டு இரண்டு தரம் தண்ணீர் அடிப்பதும், துடைப்பவர் கையுறை போடுவதும் உலக வழக்கம். பொதுக் கழிப்பறையில் வீட்டுப் பிள்ளைகளோடு இதைச் சமாளிப்பது சங்கடம். தனிக் கழிப்பறை இருந்தால் ஒருவருக்கும் தொல்லையில்லை.

அடுத்தது தண்ணீர். வலிகாமத்தில் கிணற்றுத் தண்ணீர் என்றால் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர். தோட்டத்துக்குப் போடுகிற உரம் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கீழே இறங்கிவிடும். அதனால் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. 2014, 2015இல் சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து ஊரே பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. சிஸ்பிளாற்றின் ஏற்றுகிறவர் சிறுநீரகம் பழுதாகாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பதால் இது சின்ன விசயமில்லை. 'நீங்கள் குடிக்கிற தண்ணி எங்கேயிருந்து?' என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர்கள் வடிகட்டிய தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள் என்றால் நோயாளிக்கும் அதே தண்ணீர்தான்.

மூன்றாவது குசினி. படுக்கை அறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கதவாவது இருக்கவேண்டும். கீமோ எடுத்த அன்றிரவு தாளிக்கிற மணமே போதும், ஆள் வாந்தி எடுப்பதற்கு. உறைப்பு, புளி ஒன்றும் வாயில் வைக்க ஏலாத காலத்தில் உளுத்தங்கஞ்சி, பாற்கஞ்சி, அவித்த முட்டையைப் பாலோடு அடித்துக் கொடுப்பது, மீனை முள்ளெடுத்து மசித்துக் கொடுப்பது என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஏதாவது செய்யவேண்டும். ஒரு காஸ் அடுப்பு, ஒரு பிளெண்டர், சின்னதாக ஒரு பிரிட்ஜ் இல்லாமல் இதைச் செய்யமுடியாது.

இங்கேதான் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கே உரிய பிரச்சினை ஒன்று வரும். 'வளவுக்குள்ள மச்சம் சமைக்கக் கூடாது' என்று பல சைவ வீட்டுக்காரர் சொல்வார்கள். அது அவர்களின் வீடு, அவர்களின் ஒழுக்கம். ஆனால் புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். நெடுந்தீவுக் கடற்றொழிலாளியை மீனும் முட்டையும் இல்லாமல் பத்துக் கிழமை வைத்திருந்தால் உடல் நிறை இறங்கும். நிறை மிகவும் இறங்கினால் செய்துவைத்த முகமூடி முகத்தில் பொருந்தாமற் போய் மறுபடி செய்யவேண்டி வரலாம். ஆகவே இதை முதற் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். முட்டைக்கு மட்டுமாவது சம்மதம் கிடைக்குமா, வெளியில் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று கேட்கலாம். இரண்டுக்கும் இல்லையென்றால் அந்த வீடு சரிவராது என்று மரியாதையாக விலகிவிடுவது நல்லது. ஒளித்துச் சமைத்துப் பிடிபட்டு, ஆறாம் கிழமையில் வேறு வீடு தேட யாராலும் ஏலாது.

வீட்டுக்காரரிடமும் சொல்லமுடியாத அச்சங்கள் இருக்கும். அவர் கேட்காவிட்டாலும் நாமே பதில் சொல்லிவிடவேண்டும். புற்றுநோய் தொற்றாது. இயந்திரத்தால் வெளியிலிருந்து கதிர் வாங்கியவரின் உடம்பில் கதிர் தங்கியிருப்பதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிர் அயடீன் குடிப்பவரின் நிலை வேறு. அவர் சில நாட்கள் ஒதுங்கியே இருக்கவேண்டும். அப்படியானவர் வாடகை வீட்டில் இருக்க வருகிறார் என்றால் வைத்தியசாலை சொல்கிற நாட்கணக்கை வீட்டுக்காரருக்கு மறைக்காமல் சொல்வதே நேர்மை.

'வீட்டுக்குள்ள ஏதும் நடந்திட்டால்?' என்ற அச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதற்கும் பதில் உண்டு. இது குணமாக்கும் நோக்கத்தோடு செய்கிற வைத்தியம். ஆளுக்குக் கடுமையானால் வாட்டில் சேர்ப்போம், வீட்டில் வைத்திருக்கமாட்டோம். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் அந்த அன்ரியின் முகம் மாறும். 'நீங்கள் ஊரில எந்த இடம், ஆற்ற ஆக்கள்?' என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்கிற வீடுகளும் இன்னும் இருக்கின்றன. நோயாளிக்கு வீடு தேடுகிற ஒருவரை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பது வெட்கக்கேடு. கேட்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

காசு விசயத்தில் தகராறு வருவது வாடகையால் இல்லை, மின்சாரத்தால். இலங்கையில் மின்கட்டணம் படிப்படியாக ஏறும். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். அனெக்ஸுக்குத் தனி மீற்றர் இல்லாவிட்டால், பிரிட்ஜும் பிளெண்டரும் இராப்பகலாக ஓடுகிற மின்விசிறியும் சேர்ந்து வீட்டுக்காரரின் முழு பில்லையே மேல் படிக்குத் தள்ளிவிடும். 'பாதி தாறம்' என்ற பேச்சு அங்கே நியாயமாகாது. முந்தின மாத பில்லைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏறுகிற முழுவதையும் நாங்கள் தருகிறோம் என்று சொல்வதே சரி. வருகிற அன்று மீற்றரைப் படமெடுத்து இருவரும் வைத்திருந்தால் போகிற அன்று சண்டையில்லை. ஒரு வருட முற்பணம் கேட்டால், அதற்குப் பதிலாகப் பத்துக் கிழமை வாடகை முழுவதையும் முதல் நாளே வைத்துவிடலாம். பல வீட்டுக்காரருக்கு வேண்டியது எழும்புவார்கள் என்ற நம்பிக்கைதான்.

இவ்வளவையும் ரெலிபோனில் சொல்லமுடியாது. தெரிந்த ஒருவர் கையில், அயலவரோ கோயில் ஐயரோ பாதரோ வைத்தியசாலையில் வேலை செய்கிற பிள்ளையோ, ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தனுப்பலாம். மகள் எழுதினால் இப்படி இருக்கும்:

"மதிப்புக்குரிய அன்ரிக்கு, நாங்கள் நெடுந்தீவைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குத் தெல்லிப்பளை வைத்தியசாலையில் ஜனவரி 6ஆம் திகதி தொடக்கம் 33 நாள் கதிர்ச்சிகிச்சை நடக்க இருக்கிறது. புதன்கிழமைகளில் கீமோவும் உண்டு. அப்பா, அம்மா, நான் ஆக மூன்று பேர் தங்குவோம். வேறு எவரும் இரவில் தங்கமாட்டார்கள். உங்கள் அனெக்ஸ் எங்களுக்கு ஜனவரி 4 தொடக்கம் மார்ச் 15 வரை, பத்துக் கிழமைக்கு மட்டும் வேண்டும். சிகிச்சை பிந்தினால் ஆகக்கூடியது ஒரு கிழமை நீட்டித் தரும்படி பெப்ரவரி 20க்கு முன் கேட்போம், அதற்குமேல் கேட்கமாட்டோம். எங்களுக்கு முக்கியம் தனிக் கழிப்பறை, சமைக்க ஓர் இடம், படியில்லாத அறை. கட்டில், காஸ் அடுப்பு, பிளெண்டர் நாங்கள் கொண்டுவருவோம். அப்பாவுக்காக முட்டையும் மீனும் சமைக்க வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். இது தொற்றுகிற நோய் அல்ல. அப்பாவுக்குக் கடுமையானால் வாட்டில் சேர்ப்போம். வாடகை முழுவதையும் முன்கூட்டியே தருவோம். கரண்ட் பில்லில் ஏறுகிற மிச்சமும் எங்களுடையது. கிளினிக் அட்டையின் பிரதி இதனோடு இருக்கிறது."

இந்தக் கடிதத்தில் இரக்கம் கேட்கிற ஒரு வரியும் இல்லை. அன்ரிக்குத் தெரியவேண்டிய எல்லாம் இருக்கிறது. நீட்டிப்புக்கு ஒரு கிழமை என்று எல்லை போட்டதும், அதைக் கேட்கிற திகதியைச் சொன்னதும் முக்கியம். ஐந்தாம் ஆறாம் கிழமையிலேயே எத்தனை நாள் தவறியது, எப்போது முடியும் என்பது றேடியேசன் பிரிவில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் கேட்டால் வீட்டுக்காரரும் ஒழுங்கு செய்வார். மார்ச் 14ஆம் திகதி இரவு கேட்பது அவரைச் சுவரோடு நிறுத்துவதாகிவிடும்.

எத்தனை குடும்பம் கடிதம் எழுதினாலும், வாடகை கட்டவே வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போகாத பத்துக் கிழமை அந்த வீட்டுக்கு வருமானமில்லாத பத்துக் கிழமை. மற்ற ஊர்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். மும்பாய் ராட்டா நினைவு வைத்தியசாலைக்கு வருகிற ஏழை நோயாளிகள் தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலையில் மலிவாகத் தங்குகிறார்கள். அமெரிக்காவில் புற்றுநோய்ச் சங்கம் 1970இல் சார்ல்ஸ்டன் நகரில் முதலாவது 'ஹோப் லொட்ஜ்' திறந்தது. சிகிச்சைக்காகத் தூரத்திலிருந்து வருபவருக்கும் துணையாளுக்கும் அங்கே தங்கக் காசில்லை. நமக்கும் இது புதிதில்லை. பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கட்டப்பட்ட தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வழிப்போக்கர் இளைப்பாறக் கல்லில் கட்டி வைத்த ஊர் இது. வலிகாமத்தில் பூட்டிக் கிடக்கிற வெளிநாட்டார் வீடுகளில் பத்து வீடு, கழிப்பறையைத் திருத்தி, கொமட் வைத்து, ஒரு பொறுப்பாளரையும் போட்டுக் கிழமைக் கணக்கில் கொடுக்கப்பட்டால், ஒரே நேரத்தில் இருபது குடும்பமாவது தங்கலாம். கோயில் கோபுரத்துக்கு அனுப்புகிற டொலரில் ஒரு பங்கு இதற்கு வரவேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன்.

அதுவரை நெடுந்தீவுக் குடும்பம் தன் கணக்கைத் தானே பார்க்கவேண்டும். மார்ச் 15ஆம் திகதி சாவியைக் கொடுத்து, மீற்றரை மறுபடி படமெடுத்து, பில் மிச்சத்தைக் கட்டியபின் அப்பாவோடு ஊருக்குப் போகலாம். முதல் வருடம் ஏறத்தாழ மாதம் ஒரு தரம் கிளினிக் வரும். அதற்கு வீடு தேவையில்லை. முதல் நாள் பின்னேரம் வந்து அடுத்த நாள் காலை கிளினிக்குக்குப் போக ஓர் இரவு தங்கினால் போதும். சாவியைக் கொடுக்கிற அன்றே அன்ரியிடம் அதையும் கேட்டு வைத்துவிடுங்கள்.